பூட்டிய கோப்புறையில் உள்ள படங்களும் தொலைந்த போனும்

கேள்வி: “வெள்ளவத்தையில் இருக்கிறேன். சாம்சங் போன் பாவிக்கிறேன். என்னுடைய தனிப்பட்ட படங்களை கூகுள் போட்டோஸில் இருக்கிற Locked Folder-க்குள் போட்டு வைத்திருக்கிறேன். பஸ்ஸில் போன் தொலைந்தால் எடுக்கிறவருக்கு அந்தப் படங்களைப் பார்க்க முடியுமா? எனக்கு அவை திரும்பக் கிடைக்குமா? முதலில் என்ன செய்ய வேண்டும்?”

இதில் இரண்டு பயங்கள் இருக்கின்றன. ஒன்று, வேறு யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது. மற்றது, நமக்கே இல்லாமல் போய்விடுமோ என்பது. ஒன்றுக்குச் செய்யும் காவல் மற்றதைப் பலவீனமாக்கக்கூடும் என்பதால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். உங்கள் பின் இலக்கம் தெரியாத ஒருவர் பூட்டிய போனை எடுத்தால், அந்தக் கோப்புறைக்குள் இருப்பதைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது. படங்கள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்குமா என்பதோ ஒரேயொரு அமைப்பில் தங்கியிருக்கிறது. நிறையப் பேர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அந்த அமைப்பு, பூட்டிய கோப்புறைக்கான பெக்கப். 2021இல் இந்த வசதி வந்தபோது உள்ளே போடும் படங்கள் அந்தப் போனில் மட்டுமே இருந்தன. 2023இல்தான் கூகுள் கணக்கிலும் ஒரு பிரதி வைக்கும் தெரிவைக் கொடுத்தார்கள். நீங்கள் வழமையான படங்களுக்கு பெக்கப் போட்டிருப்பது இந்தக் கோப்புறைக்குச் செல்லாது, இதற்குத் தனியாகப் போட வேண்டும். அது போடப்படாமல் இருக்கும்போது ஒரு படத்தை உள்ளே நகர்த்தினால், முன்பு கூகுள் கணக்கில் ஏறியிருந்த பிரதியும் அங்கிருந்து நீக்கப்படும். ஒளித்து வைப்பதுதான் நோக்கம் என்பதால் அது சரியான நடத்தைதான். ஆனால் அந்த நேரத்திலிருந்து உலகத்தில் அந்தப் படத்தின் ஒரே பிரதி உங்கள் போனில் இருப்பதுதான். போன் தொலைந்தால் மட்டுமல்ல, இடம் போதவில்லை என்று கூகுள் போட்டோஸ் செயலியை நீக்கினாலோ, அதன் தரவை Clear data என்று அழித்தாலோ, திருத்தக் கடையில் போனை ரீசெட் செய்தாலோ அவை போய்விடும். போன் உங்கள் கையிலேயே இருக்கும்போது படங்களை இழப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இழக்கிறார்கள். இப்போதே கூகுள் போட்டோஸைத் திறந்து, Collections பகுதியில் Locked என்பதற்குள் போய், பெக்கப் போட்டிருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். செயலியின் பதிப்பைப் பொறுத்து மெனு இடம் சற்று மாறலாம்.

பெக்கப் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் தீர்மானம், ஆனால் அதன் விலை தெரிந்திருக்க வேண்டும். போட்டால், அந்தப் படங்களின் பாதுகாப்பு போனிலிருந்து உங்கள் கூகுள் கணக்குக்கும் நீள்கிறது. கணக்கின் கடவுச்சொல் பலவீனமாக இருந்தால் பூட்டிய கோப்புறையின் பூட்டும் பலவீனம்தான். ஆகவே பெக்கப் போடுகிறவர் இரண்டு படிச் சரிபார்ப்பையும் கட்டாயம் போட வேண்டும். அதோடு அந்தச் சரிபார்ப்புப் பக்கத்திலேயே இருக்கும் Backup codes என்ற பத்துக் குறியீடுகளையும் காகிதத்தில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு மட்டும். போன் தொலைந்த அன்றைக்கு இவை இல்லாமல் தவிப்பவர்கள் அதிகம். வேறு போனில் கணக்குக்குள் நுழையப் பார்த்தால், “உங்கள் போனுக்கு ஒரு அறிவித்தல் அனுப்பியிருக்கிறோம்” என்று கூகுள் சொல்லும். அந்தப் போன்தானே தொலைந்திருக்கிறது.

இணையத்தில் எந்தப் பிரதியும் வேண்டாம் என்று நினைப்பவர் கணினியில் ஒரு பிரதி வைக்கலாம். 7-Zip என்ற இலவச மென்பொருளில் 7z வகையைத் தெரிந்து, நீளமான கடவுச்சொல் கொடுத்து, Encrypt file names என்ற கட்டத்தையும் தெரிவுசெய்து ஒரு கோப்பாக்கி, பென் டிரைவில் வைத்தால் போதும். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் கடவுச்சொல் இல்லாமலே தெரியும். பூட்டிய கோப்புறைக்குள் இருக்கும் படங்கள் யு.எஸ்.பி. வயரில் இணைத்தால் கணினிக்குத் தெரியாது. ஆகவே உள்ளே நகர்த்துவதற்கு முன்பே இந்தப் பிரதியை எடுத்துவிடுங்கள்.

இனி, பார்த்துவிடுவார்களோ என்ற பயத்துக்கு வருவோம். கோப்புறை நன்றாகப் பூட்டப்பட்டிருந்தும் படங்கள் வெளியே போவதற்கு முதல் காரணம், அதே படத்தின் வேறு பிரதிகள் வெளியில் கிடப்பது. வட்ஸ்அப்பில் ஒரு படத்தை யாருக்காவது அனுப்பினால், அனுப்பிய பிரதி உங்கள் போனிலேயே இந்த இடத்தில் தனியாகச் சேமிக்கப்படும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images/Sent
```

இந்தக் கோப்புறை கெலரியில் தெரியாது, அதனால் யாரும் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. My Files செயலியில் மேலே உள்ள வழியைப் பின்பற்றிப் போனால் மாதக்கணக்கான படங்கள் அங்கே கிடப்பதைக் காண்பீர்கள். கமராவில் எடுத்த மூலப் படத்தைப் பூட்டிய கோப்புறைக்கு நகர்த்துவது இந்த Sent பிரதியைத் தொடாது. அதேபோல், முகத்தை மங்கலாக்கவோ வெட்டவோ வேறொரு செயலியில் திருத்தியிருந்தால் அந்தச் செயலி தன் சொந்தக் கோப்புறையில் ஒரு பிரதி வைத்திருக்கும். சாம்சங் கெலரியில் அழித்த படங்கள் குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் இருக்கும். OneDrive போன்ற வேறு கிளவுட் சேவை ஒன்றில் கெலரியை இணைத்திருந்தால், கூகுள் போட்டோஸில் நீங்கள் செய்யும் எதுவும் அங்கே போன பிரதியைப் பாதிக்காது. ஒவ்வொரு படத்தையும் உள்ளே நகர்த்தும்போது இது எங்கெங்கே போயிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்து அந்த இடங்களைத் துப்புரவாக்குங்கள்.

மெமரி கார்ட் போடும் போன் என்றால் அதை இன்னும் கவனிக்க வேண்டும். போனின் உள் நினைவகம் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும், பின் இலக்கம் இல்லாமல் அதைக் கழற்றி வாசிப்பது சாதாரண ஆளுக்கு இயலாத வேலை. மெமரி கார்ட்டோ, நீங்களாக மறையாக்கம் செய்யாவிட்டால், கழற்றி எந்தக் கணினியில் போட்டாலும் திறக்கும். திரைப் பூட்டு அதைக் காக்காது. கமராவின் Storage location அமைப்பில் உள் நினைவகத்தைத் தெரிவுசெய்யுங்கள், ஏற்கெனவே கார்ட்டில் இருப்பவற்றை உள்ளே எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம் பின் இலக்கம். கூகுளின் பூட்டிய கோப்புறைக்கென்று தனிப் பூட்டு எதுவும் இல்லை. போனின் திரையைத் திறக்கும் அதே இலக்கம், அதே விரல்ரேகைதான் அதையும் திறக்கும். வீட்டில் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுப்பதற்காகவோ, வேலையிடத்தில் ஒருவர் அவசர அழைப்பு எடுப்பதற்காகவோ உங்கள் இலக்கத்தைச் சொல்லியிருந்தால், அவர்களுக்கு இந்தக் கோப்புறையும் திறந்ததுதான். நெரிசலான பஸ்ஸில் உங்கள் தோளுக்கு மேலால் பார்த்து இலக்கத்தைத் தெரிந்துகொண்டு போனைப் பறிப்பவர் விஷயத்திலும் இதே நிலை. கோடு இழுக்கும் பெட்டர்ன் பூட்டை இரண்டு மீற்றர் தூரத்திலிருந்தே பார்த்து நினைவில் வைக்கலாம், அதனால் அதைப் பாவிக்க வேண்டாம் என்பேன். நாலு இலக்கத்துக்கு 10,000 சேர்க்கைகள், ஆறு இலக்கத்துக்குப் பத்து இலட்சம். தவறாகப் போடப் போடப் போன் காத்திருக்க வைக்கும் என்பதால், பிறந்த திகதியாக இல்லாத ஆறு இலக்கம் தெருவில் போன் எடுத்தவருக்கு எதிராகப் போதுமானது.

உங்களிடம் சாம்சங் இருப்பதால் இன்னொரு வழி இருக்கிறது, இந்த விஷயத்தில் நான் அதையே விரும்புவேன். பெரும்பாலான கெலக்ஸி போன்களில் Secure Folder என்று ஒன்று உண்டு. பாதுகாப்பு அமைப்புகளுக்குள் அதைத் தேடி எடுக்கலாம். அதற்குப் போனின் இலக்கத்திலிருந்து வேறுபட்ட தனி இலக்கம் வைக்க முடியும் என்பதுதான் முக்கியமான வித்தியாசம். போன் திறந்த நிலையில் வேறொருவர் கையில் இருந்தாலும் அந்தக் கோப்புறை மூடியிருக்கும். தனி இலக்கம் வையுங்கள், இரண்டுக்கும் ஒரே இலக்கம் வைத்தால் பயனில்லை. உங்கள் விரல்ரேகையால் திறக்கும் வசதியை அதற்குப் போடாமல் விடுவதும் நல்லது. தானாகப் பூட்டும் நேரத்தை, திரை அணைந்ததும் பூட்டும்படி வையுங்கள். இலக்கத்தை மறந்தால் சாம்சங் கணக்கால் மாற்றும் தெரிவு அங்கே இருக்கிறது. அதைப் போட்டால் சாம்சங் கணக்கின் கடவுச்சொல்லும் இந்தப் பூட்டின் சாவியாகிறது, போடாவிட்டால் மறந்த இலக்கத்தோடு படங்களும் போய்விடும். இதிலும் போனை ரீசெட் செய்தால் உள்ளே இருப்பவை அழியும், ஆகவே மேலே சொன்ன பிரதி இதற்கும் தேவை. கல்குலேட்டர் மாதிரித் தோற்றமளிக்கும் இலவசப் பூட்டுச் செயலிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பல படத்தை மறையாக்கம் செய்வதே இல்லை, பெயரை மாற்றி மறைந்த கோப்புறை ஒன்றில் வைப்பதோடு சரி.

இனிப் போன் தொலைந்த நேரம். மாலை ஆறரைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டையில் இறங்கிப் பார்க்கும்போது பையில் போன் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த அரை மணித்தியாலத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதைவிட எந்த ஒழுங்கில் செய்கிறீர்கள் என்பதே பெரிது. பதற்றத்தில் பலர் முதலில் சிம்மை நிறுத்தச் சொல்வார்கள், அல்லது கூகுள் கணக்கிலிருந்து தொலைந்த போனை வெளியேற்றுவார்கள். இரண்டுமே தூரத்திலிருந்து போனைப் பூட்டவும் அழிக்கவும் உள்ள வழியை அடைத்துவிடும். சிம் நின்றால் போனின் டேட்டாவும் நிற்கும். வெளியில் வைஃபை இல்லாத போனுக்கு உங்கள் கட்டளை போய்ச் சேராது. கணக்கிலிருந்து வெளியேற்றினால் அந்தப் போனைத் தேடும் பட்டியலே உங்களுக்கு இருக்காது.

ஆகவே முதலில் பக்கத்தில் நிற்பவரிடம் அல்லது கடைக்காரரிடம் போனை வாங்கி உங்கள் இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுங்கள். கண்டக்டர் கையில் இருந்தால் விஷயம் அங்கேயே முடியலாம். பதில் இல்லையென்றால், அந்தப் போனின் பிரவுசரை இன்கொக்னிட்டோவில் திறந்து google.com/android/find என்ற முகவரிக்குப் போய் உங்கள் கணக்கில் நுழையுங்கள். அந்தப் போனில், தொலைந்த போனைத் தேடும் கூகுளின் Find Hub செயலி இருந்தால், அதில் விருந்தினராக நுழையும் தெரிவும் உண்டு. அப்படிச் செய்தால் உங்கள் கணக்கு அந்தப் போனில் தங்காது. அங்கே முதலில் போனைப் பூட்டும் தெரிவைக் கொடுங்கள். பூட்டிய திரையில் காட்ட ஒரு செய்தியும் ஒரு தொலைபேசி இலக்கமும் சேர்க்கலாம். கணவருடையதோ அக்காவுடையதோ இலக்கம் ஒன்றைப் போடுங்கள், தொலைந்த போனின் இலக்கத்தை அல்ல. கடவுச்சொல் நினைவில் வராதவர்களுக்கு android.com/lock என்ற இன்னொரு வழி இருக்கிறது, அது தொலைபேசி இலக்கத்தை வைத்தே திரையைப் பூட்டும். ஆனால் போனின் Google அமைப்புகளில் Theft protection என்பதற்குள் Remote Lock-ஐ முன்பே போட்டு வைத்திருந்தால்தான் வேலை செய்யும். இன்றைக்கே அதைப் போடுங்கள். சாம்சங்கின் திரைப்பூட்டு அமைப்பில் Lock network and security என்பதையும் போட்டால், பூட்டிய திரையில் மேலிருந்து இழுத்து டேட்டாவை நிறுத்த முடியாது. போனை முழுதாக அணைப்பதை அது தடுக்காமல் போகலாம். அணைத்துப் போட்ட போன் ஒரு வகையில் உங்களுக்குச் சாதகம்தான். மறுபடி போட்டால் உங்கள் இலக்கம் கொடுக்கும்வரை உள்ளே உள்ள படங்கள் மறையாக்கத்தில் மூடியே இருக்கும்.

பூட்டும் கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று அந்தப் பக்கம் சொல்லும். சேர்ந்துவிட்டால், அல்லது பத்து நிமிடம் காத்தும் போன் இணையத்தில் இல்லையென்றால், அதன்பிறகு சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. போனைத் திறக்க முடியாதவரும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு, உங்கள் இலக்கத்துக்கு வரும் ஓ.டி.பி. குறியீடுகளை வாங்கலாம். அதை வைத்து வட்ஸ்அப்பைத் தன் போனில் பதிவுசெய்யலாம், மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றப் பார்க்கலாம். வட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்கம் ஒன்றை முன்பே வைத்திருந்தால் அந்த வழி அடைபடும். புதிய சிம் கிடைத்ததும் வேறொரு போனில் வட்ஸ்அப்பைப் பதிவுசெய்யுங்கள். அப்போது தொலைந்த போனில் அது தானாகவே வெளியேறிவிடும்.

அடுத்தது அழிப்பதா என்ற கேள்வி. இதில் ஒரே விடை எல்லோருக்கும் பொருந்தாது. போன் பூட்டியிருந்தது, இலக்கம் யாருக்கும் தெரியாது, பூட்டும் கட்டளையும் சேர்ந்துவிட்டது என்றால் அவசரப்பட வேண்டியதில்லை. வரைபடத்தில் இடம் தெரிகிறவரை திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது. அழித்துவிட்டால் அதன்பிறகு இடம் காட்டாது. ஆனால் திரை திறந்த நிலையில் கையிலிருந்து பறிக்கப்பட்டிருந்தால், இலக்கத்தை யாராவது பார்த்திருக்கலாம் என்று சந்தேகமிருந்தால், பூட்டே போடாத போன் என்றால், உடனே Factory reset கொடுங்கள். போன் அந்த நேரம் இணையத்தில் இல்லாவிட்டாலும், மறுபடி இணையத்துக்கு வரும்போது அழிப்பு தொடங்கும். மெமரி கார்ட்டில் உள்ளவை அழியாமல் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். இந்தத் தீர்மானத்தை ஒரு நிமிடத்தில் எடுக்க முடிவது வேறு இடத்தில் பிரதி இருக்கிறவருக்கு மட்டும்தான். படங்களின் ஒரே பிரதி அந்தப் போனில் என்றால் மனம் தயங்கும், அந்தத் தயக்கத்துக்குள் நேரம் போய்விடும். அழித்த பிறகும் போனை உங்கள் கூகுள் கணக்கிலிருந்து நீக்க அவசரப்படாதீர்கள். கணக்கு இணைந்திருக்கும்வரை, ரீசெட் ஆன போனை மறுபடி இயக்குவதற்கு உங்கள் விபரம் கேட்கும்.

அன்றிரவோ மறுநாளோ பொலிஸ் முறைப்பாடு. இலங்கைப் பொலிஸின் ineed.police.lk தளத்தில் தொலைந்த போன்களை இணையம் வழியாகவே பதியலாம், அல்லது பொலிஸ் நிலையத்துக்கு நேரே போகலாம். இரண்டுக்கும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. வேண்டும். இப்போது போனில் *#06# என்று அடித்தால் தெரியும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு இலக்கம் வரும், இரண்டையும் எழுதி வையுங்கள். வாங்கிய பெட்டியிலும் ஒட்டியிருக்கும். ஐ.எம்.ஈ.ஐ. மூலம் போனைத் தேடுவதும் தடுப்பதும் போனைப் பற்றிய வேலை. உள்ளே இருக்கும் படங்களை அது காக்காது, அதனால் அதை நம்பி முன்சொன்ன படிகளைத் தவிர்க்கக் கூடாது.

அடுத்த சில நாட்களில், போன் கிடைத்துவிட்டதாகவும், இடத்தைப் பார்க்க ஒரு இணைப்பை அழுத்தும்படியும் குறுஞ்செய்தி வரலாம். பூட்டிய போனை வைத்திருப்பவர் கடவுச்சொல்லை உங்களிடமிருந்தே எடுக்கப் பார்க்கும் வழி அது. பூட்டிய திரையில் நீங்கள் கொடுத்த இலக்கத்துக்கே அது வரும் என்பதால் அக்காவிடமும் சொல்லி வையுங்கள். உண்மையாகப் போனைக் கண்டெடுத்தவர் பின் இலக்கமோ கடவுச்சொல்லோ கேட்கமாட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் படங்களைக் காட்டி யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். இலக்கமும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துப் பொலிஸில் முறையிடுங்கள். பெண்களும் சிறுவர்களும் பொலிஸ் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்தை 109இல் அழைக்கலாம். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு StopNCII.org என்ற இலவசச் சேவை இருக்கிறது. அந்தரங்கப் படத்திலிருந்து ஓர் அடையாளக் குறியை உங்கள் சாதனத்திலேயே உருவாக்கி, குறியை மட்டும் பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்ற பங்கேற்கும் தளங்களுக்குக் கொடுக்கும். படம் உங்கள் கையை விட்டுப் போகாது. அதே படம் அங்கே ஏற்றப்பட்டால் அந்தக் குறியை வைத்து அதைக் கண்டுபிடித்துத் தடுக்கப் பார்ப்பார்கள். வெட்டியோ திருத்தியோ போட்டால் குறி பொருந்தாமல் போகலாம், பங்கேற்காத தளங்களிலும் தனிப்பட்ட செய்திகளிலும் அது உதவாது. குறியை உருவாக்க அந்தப் படம் உங்களிடம் இருக்க வேண்டும். பென் டிரைவிலோ கணக்கிலோ வைத்த பிரதி இதற்கும் தேவைப்படும்.